பெக் விகிதம் 0.4 என்றால் மலிவு, 2 என்றால் விலை அதிகம்: இவ்வளவு எளிதா?

நெடுநோக்கு | ஜனவரி 12, இரவு 9.40

இரண்டு பங்குகளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிறுவனங்களின் பெயரைச் சொன்னால் விவாதம் பெயரின் மீது திரும்பிவிடும் என்பதால் எண்களை மட்டும் சற்றே வட்டமாக்கித் தருகிறேன். முதலாவது உலோகம் உருக்கும் நிறுவனம். பங்கு விலை 192, ஒரு பங்குக்கான கடந்த ஆண்டு லாபம், அதாவது இ.பி.எஸ்., 8, ஆகவே விலையை அந்த லாபத்தால் வகுத்து வரும் பி.இ. 24. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு லாபம் ஆண்டுக்கு 60 சதவீதம் வளரும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். 24ஐ 60ஆல் வகுத்தால் பெக் விகிதம் 0.4 வருகிறது. இரண்டாவது சோப்பு தயாரிக்கும் நிறுவனம். பி.இ. 30, வளர்ச்சி 15 சதவீதம், பெக் 2.

பி.இ.யை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வளர்ச்சியையும் சேர்த்துப் பார்த்தால் உலோகப் பங்கு ஐந்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது என்றாகிறது. சந்தை இவ்வளவு வெளிப்படையான ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருக்கும் என்று நம்பவும் முடியவில்லை, கணக்கில் பிழையைக் கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

வெண்கோடு | ஜனவரி 12, இரவு 10.05

சந்தை கவனிக்கவில்லை என்ற முடிவுக்கு வரும் ஒவ்வொரு முறையும் நான் பணம் இழந்திருக்கிறேன். கணக்கில் பிழை இல்லாதபோதுதான் அதிகமாக இழந்தேன்.

இறுதிவரி | ஜனவரி 13, காலை 7.15

பிழை இருக்கிறது. இரண்டே ஆண்டு வளர்ச்சியை நீங்கள் எடுத்துக்கொண்டதுதான் பிழை. எந்த நிறுவனமும் ஆண்டுக்கு 60 சதவீதம் என்று தொடர்ந்து வளராது. ஐந்து ஆண்டுகளுக்கான வளர்ச்சியை எடுங்கள். இந்த லாபம் ஐந்தாம் ஆண்டில் 22ஐத் தொடும் என்று வைத்துக்கொண்டால், 8 என்பது 22 ஆவதற்கு ஆண்டுக்குச் சுமார் 22.4 சதவீத வளர்ச்சி போதும். பெக் 1.07 ஆகிவிடுகிறது. அதாவது பங்கு நியாயமான விலையில்தான் இருக்கிறது. நான் கணக்குத் தணிக்கைத் துறையில் இருப்பவன். இத்தகைய முரண்கள் பெரும்பாலும் கால அளவைச் சரிசெய்தாலே தீர்ந்துவிடுகின்றன.

நெடுநோக்கு | ஜனவரி 13, காலை 8.30

நன்றி. ஆனால் குழப்பம் கூடிவிட்டது. நேற்றிரவு இன்னொரு தளத்தில் பார்த்தபோது அதே உலோகப் பங்குக்கு பெக் 0.25 என்று போட்டிருந்தார்கள். ஒரே நாள், ஒரே விலை. 0.4, 0.25, இப்போது உங்கள் 1.07.

உலைக்களம் | ஜனவரி 13, இரவு 11.20

பதினேழு ஆண்டுகள் உலோகத் துறைப் பங்குகளை ஆய்வு செய்வதே என் வேலையாக இருந்தது. ஆகவே சற்று நீளமாக எழுதுகிறேன்.

முதலில் 0.25ஐ முடித்துவிடலாம். அந்தத் தளம் பி.இ.யைக் கணக்கிடக் கடந்த ஆண்டின் 8ஐ எடுக்காமல், வரும் ஆண்டுக்கு எதிர்பார்க்கப்படும் 12.8ஐ எடுத்திருக்கிறது. 192ஐ 12.8ஆல் வகுத்தால் 15. அதை மறுபடியும் 60ஆல் வகுத்தால் 0.25. வரும் ஆண்டின் 60 சதவீத உயர்வு பி.இ.யைக் குறைப்பதற்கு ஒருமுறையும், வகுக்கும் எண்ணாக இன்னொரு முறையும் பயன்பட்டுவிட்டது. ஒரே வளர்ச்சியை இருமுறை வரவு வைத்தது போன்றது இது. முன்னோக்கிய பி.இ.யை எடுத்தால் வளர்ச்சியையும் அந்த ஆண்டிலிருந்து மேற்கொண்டுதான் அளக்க வேண்டும். எந்தத் தளம் எந்த ஆண்டிலிருந்து அளக்கிறது என்பதைப் பார்க்காமல் இரு தளங்களின் பெக்கை அருகருகே வைக்கக் கூடாது.

ஆனால் இது சில்லறைப் பிழை. பெரிய பிழை அந்த 8இல் இருக்கிறது. நெடுநோக்கு அவர்களே, அந்நிறுவனத்தின் பத்து ஆண்டு இ.பி.எஸ். எண்களை இங்கே இடுங்கள். அவற்றைப் பார்க்காமலேயே என்னால் ஊகிக்க முடியும், இருந்தாலும் இடுங்கள்.

நெடுநோக்கு | ஜனவரி 14, காலை 6.50

பழையதிலிருந்து புதியது வரை: 17, 15, 7, 9, 14, 19, 22, 13, 5, 8.

இப்படி ஒரே வரியில் எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கே கொஞ்சம் புரிகிறது. ஆய்வாளர்கள் சொல்லும் இரண்டாம் ஆண்டின் 20.5 என்பது இந்த நிறுவனம் ஏற்கெனவே ஒருமுறை எட்டிக் கடந்து வந்த இடம்.

உலைக்களம் | ஜனவரி 14, இரவு 10.45

அதேதான். அந்த 60 சதவீதத்தை வளர்ச்சி என்று அழைப்பதே தவறு, அது மீட்சி. கிணற்றில் விழுந்தவன் தரைக்கு ஏறி வருவதையும், தரையில் நிற்பவன் மலையேறுவதையும் ஒரே கோலால் அளக்கிறோம். இரண்டுமே உயரம் ஏறுவதுதான். ஆனால் முதலாமவனின் ஏற்றம் தரையோடு முடிந்துவிடும்.

பள்ளத்து ஆண்டின் லாபத்தை அடிப்படையாக எடுத்தால் பெக் விகிதத்தின் இரண்டு பாகங்களும் கெடுகின்றன, அதுவும் சமமில்லாத அளவில். 8 என்பது சிறிய எண் என்பதால் மேலே இருக்கும் பி.இ. பெரிதாகிறது, அது நம்மை எச்சரிக்கும் திசை. அதே 8 சிறிய எண் என்பதால் கீழே இருக்கும் வளர்ச்சி விகிதமும் பெரிதாகிறது. அது நம்மை மயக்கும் திசை. சராசரி ஆண்டின் லாபத்தைக் கொண்டு பார்த்தால் வரும் பி.இ. 14லிருந்து 24 ஆவதற்குள் வளர்ச்சி விகிதம் ஏறக்குறைய ஒன்றுமில்லாததிலிருந்து 60 ஆகிவிடுகிறது. ஆகவே மயக்கமே வெல்லும்.

இப்போது இறுதிவரி அவர்களின் திருத்தத்திற்கு வருகிறேன். காலத்தை ஐந்து ஆண்டுகளாக நீட்டியது சரியான உள்ளுணர்வுதான். ஆனால் தொடக்கப் புள்ளி அதே 8ஆக இருக்கும்வரை மீட்சி ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பப்பட்டு நீர்த்துப் போகிறதே தவிர நீங்குவதில்லை. அந்த 22.4 சதவீதத்திலும் உண்மையான வளர்ச்சி ஏதும் இல்லை, ஏனென்றால் ஐந்தாம் ஆண்டில் நீங்கள் எட்டியதாகச் சொல்லும் 22 பழைய உச்சம்தான்.

மேலும் கீழுமாகச் சுழலும் துறையில் முழுச் சுற்றின் சராசரியை எடுத்துப் பார்ப்பதே என் வழக்கம். இந்த வரிசையில் உச்சத்திலிருந்து உச்சத்திற்கு ஆறு ஆண்டுகள், பள்ளத்திலிருந்து பள்ளத்திற்கும் ஆறு ஆண்டுகள். கடைசி ஆறு எண்களைக் கூட்டுங்கள்: 81. சராசரி 13.5. முதல் ஆறு எண்களையும் கூட்டுங்கள்.

நெடுநோக்கு | ஜனவரி 14, இரவு 11.10

17, 15, 7, 9, 14, 19. அதுவும் 81.

இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டேன்.

வெண்கோடு | ஜனவரி 14, இரவு 11.25

ஆக, 60 சதவீதம் வளரும் நிறுவனம் பத்து ஆண்டுகளாக வளரவே இல்லை. சுழியத்தால் வகுத்தால் பெக் எவ்வளவு என்று யாராவது சொல்லுங்கள், தூக்கம் வருகிறது.

இறுதிவரி | ஜனவரி 15, காலை 7.40

தொடக்கப் புள்ளியைப் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் சராசரியிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. உச்சத்திலிருந்து உச்சத்திற்கு அளந்தால் 17 என்பது ஆறு ஆண்டுகளில் 22 ஆகியிருக்கிறது, ஆண்டுக்கு 4.4 சதவீதம். பள்ளத்திலிருந்து பள்ளத்திற்கு அளந்தால் 7 என்பது 5 ஆகியிருக்கிறது, அதாவது குறைந்திருக்கிறது. நீங்கள் சராசரியை எடுத்து வளர்ச்சியே இல்லை என்கிறீர்கள். ஒரே பத்து எண்களிலிருந்து நான்கு விடைகள் வந்திருக்கின்றன. உங்கள் விடைதான் சரி என்று எப்படிச் சொல்வது? இடைப்பட்ட காலத்தில் நிறுவனம் புதிய உலை ஒன்றைக் கட்டியிருந்தால், அடுத்த உச்சம் பழைய உச்சத்தைவிட உயரமாகத்தானே இருக்கும்?

நெடுநோக்கு | ஜனவரி 15, காலை 9.05

கட்டியிருக்கிறார்கள். நேற்று ஆண்டறிக்கையைப் புரட்டிப் பார்த்தேன். ஆறாம் ஆண்டில் உற்பத்தித் திறனை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட்டியிருக்கிறார்கள். ஆனால் அதற்கான பணத்தைப் புதிய பங்குகளை வெளியிட்டுத் திரட்டியிருக்கிறார்கள். நிறுவனம் பெரிதாகியிருக்கிறது, ஒரு பங்குக்கான லாபம் பெரிதாகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

உலைக்களம் | ஜனவரி 15, இரவு 10.30

பெருமளவு அப்படித்தான். ஆண்டறிக்கையைப் புரட்டியதற்குப் பாராட்டுகள். பெக் எண்ணைப் பார்த்துவிட்டு அதைச் செய்பவர்கள் அரிது.

இறுதிவரி அவர்களின் கேள்விக்கு என்னிடம் முடிவான விடை இல்லை. நான்கு விடைகளில் எது சரி என்று சொல்ல முடியாத இடத்தில் வளர்ச்சி விகிதம் என்ற ஒற்றை எண்ணே பொருளற்றது என்பதுதான் என் நிலை. சோப்பு நிறுவனத்துக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை. அதன் பத்து ஆண்டுகளில் எந்த இரண்டு ஆண்டுகளை எடுத்து அளந்தாலும் 13க்கும் 16க்கும் இடையில் ஒரு விகிதம்தான் வரும் என்று நினைக்கிறேன். தொடக்க ஆண்டை ஓராண்டு முன்னும் ஓராண்டு பின்னும் நகர்த்திப் பாருங்கள். விடை பெரிதாக அசையவில்லை என்றால் அந்த நிறுவனத்திற்கு பெக் கணக்கிடலாம். அசைந்தால் கணக்கிட வேண்டாம்.

தாமதவாசி | ஜனவரி 16, பிற்பகல் 2.15

நான் இந்த விவாதத்தைத் தாமதமாகத்தான் பார்த்தேன். பெக் குறைவாக இருக்கும் பங்குகளை வாங்கலாமா என்பதுதானே கேள்வி? என் அனுபவத்தைச் சொல்கிறேன். கடந்த ஆண்டு பங்குகளை வடிகட்டித் தரும் ஒரு ஸ்கிரீனரில் பெக் விகிதத்தை ஏறுவரிசையில் அடுக்கி, முதல் பக்கத்தில் வந்த பங்குகளிலிருந்து ஐந்தை வாங்கினேன். அவற்றில் மூன்று பாதியாகிவிட்டன. அவற்றின் பெக் மைனஸ் 1.8, மைனஸ் 1.2 என்றெல்லாம் இருந்தது. சுழியத்தைவிடவும் குறைவு என்றால் மிக மிக மலிவு என்றுதான் எண்ணினேன். ஆகவே இந்த விகிதத்தை நம்ப வேண்டாம்.

வெண்கோடு | ஜனவரி 16, பிற்பகல் 2.40

விகிதம் தன்னால் முடிந்த அளவுக்கு உங்களை எச்சரித்திருக்கிறது. மைனஸ் குறியைவிடப் பெரிய கொடியை அது எங்கே போய் வாங்கும்?

இறுதிவரி | ஜனவரி 16, மாலை 6.20

தாமதவாசி அவர்களே, கேள்வி சற்று வேறு. இருந்தாலும் உங்கள் நிலை பலருக்கும் நேர்ந்திருக்கும். லாபம் குறையும் என்று எதிர்பார்க்கப்படும் நிறுவனத்துக்கு வளர்ச்சி எண் எதிர்மறையாக இருக்கும், ஆகவே பெக்கும் எதிர்மறையாகிவிடும். அதைவிட ஆபத்தானது இன்னொன்று. நிறுவனம் நட்டத்தில் இருந்து, அந்த நட்டமும் பெருகிக்கொண்டிருந்தால், பி.இ.யும் எதிர்மறை, வளர்ச்சிக்கும் சில தளங்கள் எதிர்மறை எண் தரும். எதிர்மறையை எதிர்மறையால் வகுத்து 0.5 என்று அழகான நேர்மறை எண் வந்து நிற்கும். அங்கே எச்சரிக்க மைனஸ் குறிகூட இருக்காது. அடுக்குவதற்கு முன் பி.இ.யும் வளர்ச்சியும் தனித்தனியே சுழியத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை இட்டுவிடுங்கள்.

உலைக்களம் | ஜனவரி 17, இரவு 9.15

மேலே நான் எழுதியதில் ஒரு பாதியை விட்டுவிட்டேன். பெக் பள்ளத்தில் மட்டும்தான் ஏமாற்றும் என்ற எண்ணம் அதனால் வந்துவிடக் கூடாது.

இதே வரிசையின் ஏழாம் ஆண்டுக்குப் போங்கள். இ.பி.எஸ். 22. உச்சத்தில் இருக்கும் சுழற்சித் துறைப் பங்குக்குச் சந்தை அதிக பி.இ. தருவதில்லை; 10 என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்ப்புக்குப் பதிலாகக் கடந்த மூன்று ஆண்டு வளர்ச்சியைப் பல ஸ்கிரீனர்கள் எடுத்துக்கொள்கின்றன. மூன்று ஆண்டுகளில் 9 என்பது 22 ஆகியிருக்கிறது, ஆண்டுக்கு 35 சதவீதம். பெக் 0.29. அங்கிருந்து இரண்டே ஆண்டுகளில் லாபம் 5ஆகச் சரிந்தது.

ஆக, கடந்த கால வளர்ச்சியைக் கொண்டு அளந்தால் உச்சத்தில் மலிவாகத் தெரியும். எதிர்கால வளர்ச்சியைக் கொண்டு அளந்தால் பள்ளத்தில் மலிவாகத் தெரியும். பி.இ.க்காவது ஒரு நேர்மை உண்டு. உச்சத்தில் 10, பள்ளத்தில் 24 என்று அது தலைகீழாகப் பேசினாலும் எப்போதும் ஒரே மாதிரிதான் தலைகீழாகப் பேசும். பழகியவர் அதைத் திருப்பி வாசித்துக்கொள்வார். பெக் இரண்டு முனைகளிலும் வாங்கு என்கிறது.

இந்த விகிதத்தைப் பரவலாக்கியவர் பீட்டர் லின்ச். 1977 முதல் 1990 வரை மெகல்லன் என்ற அமெரிக்கப் பரஸ்பர நிதியை நிர்வகித்தவர். நியாயமான விலையிலுள்ள பங்கின் பி.இ. அதன் வளர்ச்சி விகிதத்துக்குச் சமமாக இருக்கும் என்று 1989இல் எழுதினார். அதே மனிதர் நிறுவனங்களை ஆறு வகையாகப் பிரித்து, சுழற்சி நிறுவனங்களைத் தனி வகையாக வைத்தார். அவற்றின் பி.இ. குறைவாக இருப்பது நல்ல காலம் முடியப் போவதன் அறிகுறியாக இருக்கலாம் என்றும் எச்சரித்தார். முதல் வாக்கியம் உலகமெங்கும் பரவியது. பிந்தையது அந்த அளவுக்குப் பரவவில்லை.

வெண்கோடு | ஜனவரி 17, இரவு 9.50

வழக்கமாக வேடிக்கையாக எழுதுபவன், இப்போது இல்லை. உலைக்களம் சொன்ன அந்த உச்சத்துப் பங்கை நான் வாங்கியிருக்கிறேன். வேறு நிறுவனம், இதே துறை. பெக் 0.3க்கும் கீழே இருந்தது, கடன் இல்லை, டிவிடெண்டும் நன்றாகக் கொடுத்தார்கள். விலை இறங்க இறங்க பெக் இன்னும் மலிவாகத் தெரிந்தது, ஏனென்றால் லாபத்தின் சரிவு கணக்கில் வருவதற்கு முன்பே விலை சரியத் தொடங்கிவிட்டது. இரண்டு முறை மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைத்தேன். லாபம் சரிந்த பிறகு வளர்ச்சி எதிர்மறையாகி, அந்தப் பங்கு என் ஸ்கிரீனரை விட்டே மறைந்துவிட்டது. அப்போதுதான் விற்றேன், பாதி விலைக்கு.

நெடுநோக்கு | ஜனவரி 18, காலை 8.00

வருத்தமாக இருக்கிறது. எழுதியதற்கு நன்றி.

அப்படியென்றால் சோப்பு நிறுவனத்தையும் அதைப் போலச் சீராக வளரும் வேறொன்றையும் பெக் கொண்டு ஒப்பிடுவதில் தடை இல்லைதானே?

உலைக்களம் | ஜனவரி 18, இரவு 10.10

வளர்ச்சி விகிதங்கள் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால் தடை இல்லை. விலகி இருந்தால் வேறொரு பள்ளம் இருக்கிறது. ஒரு நிறுவனம் பி.இ. 8, வளர்ச்சி 8 சதவீதம். இன்னொன்று பி.இ. 32, வளர்ச்சி 32 சதவீதம். இரண்டுக்கும் பெக் 1. ஒவ்வொன்றிலும் 100 முதலிட்டால், முதலாவதில் உங்கள் பங்குக்கு ஆண்டு லாபம் 12.5, இரண்டாவதில் வெறும் 3.1. ஐந்து ஆண்டுகள் இருவரும் சொன்னபடியே வளர்ந்தாலும் முதலாவதில் 18.4, இரண்டாவதில் 12.5. வேகமாக வளர்பவர் மெதுவாக வளர்பவரை எட்டிப்பிடிக்க ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகின்றன. எட்டாம் ஆண்டு முதல் முந்திச் செல்வார்; பத்தாம் ஆண்டில் 50க்கு 27 என்று வெகுதூரம் போய்விடுவார்.

ஆகவே இரண்டும் ஒரே விலை என்ற கூற்று, 32 சதவீத வளர்ச்சி எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதைப் பொறுத்து உண்மையாகவோ பொய்யாகவோ ஆகிறது. அந்த ஆண்டு எண்ணிக்கைக்கு பெக்கில் இடமே இல்லை.

இறுதிவரி | ஜனவரி 19, காலை 7.30

இதில் நான் ஒன்றைச் சேர்க்கிறேன், இம்முறை சரியாக இருக்கும் என்று நம்புகிறேன். இரண்டு சோப்பு நிறுவனங்கள், இரண்டுக்கும் பி.இ. 30, இரண்டும் 15 சதவீதம் வளர்கின்றன. ஒன்று தன் லாபத்தில் 70 சதவீதத்தை டிவிடெண்டாகக் கொடுத்துவிட்டு மீதியில் அந்த வளர்ச்சியைச் சாதிக்கிறது. இன்னொன்று அதே 15 சதவீதத்துக்காக மொத்த லாபத்தையும் புதிய ஆலைகளில் போட வேண்டியிருக்கிறது. பெக் இரண்டையும் 2 என்றே காட்டும். பங்குதாரர் கையில் பங்கு விலையில் ஆண்டுக்கு 2.3 சதவீதம் வருவதும் ஒன்றும் வராததும் ஒன்றாகுமா?

உலைக்களம் | ஜனவரி 19, இரவு 9.00

ஒன்றாகாது. நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. பங்கு விலையில் டிவிடெண்ட் எத்தனை சதவீதம் என்பதை லின்ச் வளர்ச்சியோடு கூட்டிக்கொண்டு அளந்ததும் இதனால்தான். அது பாதித் தீர்வு. ஆனாலும் கூட்டாமல் விடுவதைவிட மேல்.

தாமதவாசி | ஜனவரி 20, காலை 11.30

நிபந்தனையை இட்டுப் பார்த்தேன். முதல் பக்கத்தில் இருந்த பெரும்பாலான பங்குகள் காணாமல் போய்விட்டன. இப்போது முதலிடத்தில் உலோக நிறுவனங்கள் மூன்று இருக்கின்றன. வாங்கலாமா?

வெண்கோடு | ஜனவரி 20, காலை 11.35

மேலே சென்று ஜனவரி 14இலிருந்து படியுங்கள். மெதுவாக.

உலைக்களம் | ஜனவரி 20, இரவு 10.20

அவரைக் கேலி செய்ய வேண்டாம், ஏனென்றால் விடை 'வேண்டாம்' என்பதல்ல. பள்ளத்தில் உள்ள உலோகப் பங்கு நல்ல கொள்முதலாக அமைவதுண்டு. என் வாழ்வின் நல்ல பரிந்துரைகள் சில அப்படி அமைந்தவைதான். ஆனால் அதற்கான காரணங்கள் வேறு. உலோக விலை துறையின் உற்பத்திச் செலவுக்கும் கீழே இருக்கிறதா, பலவீனமான ஆலைகள் மூடப்படுகின்றனவா, இந்த நிறுவனத்தின் கடன் அடுத்த இரண்டு ஆண்டுகளைத் தாங்குமா என்பவற்றைத்தான் பார்ப்பேன். நெடுநோக்கு அவர்களின் பங்கைச் சராசரி லாபம் 13.5ஐக் கொண்டு பார்த்தால் பி.இ. 14 வருகிறது. வளராத நிறுவனத்துக்கு அது மலிவு அல்ல என்பது என் கருத்து. இறுதிவரி ஒப்புக்கொள்ள மாட்டார்.

இறுதிவரி | ஜனவரி 21, காலை 7.10

ஒப்புக்கொள்ளவில்லை. புதிய உலை முழுத் திறனில் ஒரு நல்ல ஆண்டைக்கூட இன்னும் முழுமையாகக் காணவில்லை. அடுத்த உச்சத்தைப் பார்த்த பிறகு பேசுவோம்.

நெடுநோக்கு | பிப்ரவரி 9, இரவு 8.25

காலாண்டு முடிவுகள் வந்துவிட்டன. எதிர்பார்த்ததைவிட மோசம். கடைசி நான்கு காலாண்டுகளின் இ.பி.எஸ். 8லிருந்து 7ஆகக் குறைந்துவிட்டது, விலை 180க்கு இறங்கியிருக்கிறது. ஆய்வாளர்கள் இரண்டு ஆண்டு கழித்து வரும் 20.5ஐ மட்டும் மாற்றவில்லை.

பெக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். பி.இ. 25.7 ஆகியிருக்கிறது. 7 என்பது 20.5 ஆக வேண்டுமானால் வளர்ச்சி இப்போது 71 சதவீதம். விகிதம் 0.4லிருந்து 0.36ஆகக் குறைந்து, பங்கு முன்பைவிட மலிவாகக் காட்சியளிக்கிறது.

வெண்கோடு | பிப்ரவரி 9, இரவு 8.40

லாபம் 1ஆகக் குறையட்டும், பங்கை இலவசமாகவே தந்துவிடுவார்கள் போலிருக்கிறது.